23 கிளையன்ட்கள் உள்ள ஃப்ரீலான்சர் ரெஸ்யூம்: நிரந்தர வேலைக்கு இதை எப்படிப் படிப்பது?

பெருங்குடி_எடிட்டர் | திங்கள், காலை 11.20

வணக்கம். பெருங்குடியில் ஆய்விதழ்கள் தயாரித்துக் கொடுக்கும் நிறுவனத்தில் காப்பி எடிட்டிங் குழு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். சீனியர் காப்பி எடிட்டர் இடம் ஒன்று காலி. வந்த ரெஸ்யூம்களில் ஒன்றை மூன்று நாளாகக் கீழே வைக்க முடியவில்லை. ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

அவர் 2014 முதல் 2017 ஜூன் வரை ஒரு டைப்செட்டிங் கம்பெனியில் முழுநேரம் வேலை பார்த்திருக்கிறார். 2017 ஜூலையிலிருந்து இந்த மார்ச் வரை வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸ். ரெஸ்யூம் நாலு பக்கம். 23 கிளையன்ட், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தேதி போட்டிருக்கிறார். ஒன்று மூன்று வாரம், ஒன்று இரண்டு மாதம், அப்புறம் ஒன்றரை மாதம் ஒன்றுமே இல்லை, அடுத்த பெயர். எங்கள் எச்.ஆர். ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "ஏழு வருஷத்தில் 23 இடம். நிற்க மாட்டார்" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆனால் மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருக்கிறது: "ஒரு மருத்துவ ஆய்விதழின் 27 இதழ்களை நான் ஒருத்தியே திருத்தினேன்." 27 இதழ் ஒருவர் கையில் போயிருக்கிறது என்றால் அது தாவுகிற ஆள் செய்கிற வேலையாக எனக்குத் தெரியவில்லை. இதை எச்.ஆருக்கு எப்படிப் புரியவைப்பது? ரெஸ்யூமைத் திருப்பி எழுதித் தரச் சொல்லி அவரையே கேட்கலாமா? கேட்டால் எந்த மாதிரி கேட்பது? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஓஎம்ஆர்_ரெக்ரூட்டர் | திங்கள், மதியம் 12.05

எச்.ஆரைக் குறை சொல்லாதீர்கள். ரெஸ்யூமைப் படித்து வரிசைப்படுத்தும் மென்பொருள் ஒவ்வொரு தேதி ஜோடியையும் ஒரு வேலை என்றுதான் எடுத்துக்கொள்ளும். 23 ஜோடி இருந்தால் 23 வேலை. சராசரி நாலு மாதம்கூட வராது. முதல் சல்லடையிலேயே கீழே விழுந்துவிடும்.

தீர்வு சுலபம். 23 பெயரையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். "ஃப்ரீலான்ஸ் காப்பி எடிட்டர், 2017 ஜூலை - 2024 மார்ச்" என்று ஒரே வரி. கீழே நாலு புள்ளி. முடிந்தது. உண்மையா என்று பார்க்க வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தை வாங்கிக்கொள்ளுங்கள். யார் யார் பணம் கொடுத்தார்கள் என்பது எல்லாம் அதில் வந்துவிடும்.

சேலையூர்_புக்ஸ் | திங்கள், மதியம் 1.40

ஃப்ரீலான்ஸ் எடிட்டருக்கு இப்போது பக்கத்துக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? எங்களுக்கும் ஒருவர் தேவைப்படுகிறார். முழுநேரமாக வைத்தால் கட்டுப்படியாகாது என்பதால் கேட்கிறேன். ஒப்பந்தம் எழுதிக்கொள்வது நல்லதா?

பெருங்குடி_எடிட்டர் | திங்கள், மதியம் 1.55

சேலையூர் சார், நான் ஃப்ரீலான்சரை நிரந்தர வேலைக்கு எடுப்பது பற்றிக் கேட்கிறேன். பக்க ரேட்டுக்குத் தனி இழை தொடங்குங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரெக்ரூட்டர் சார், ஒரே வரியாக்கினால் மென்பொருளைத் தாண்டும், சரி. ஆனால் அதற்கப்புறம் படிக்கப்போவது நான். ஏழு வருஷம் சும்மா இருந்துவிட்டு எப்போதாவது ஒரு ஆய்வேடு திருத்தியவரும் அதே ஒரு வரியைத்தான் எழுதுவார். இரண்டு பேருக்கும் வித்தியாசம் எனக்கு எப்படித் தெரியும்?

மாம்பலம்_மெய்ப்பு | திங்கள், இரவு 9.10

நான் ஒன்பது வருஷம் ஃப்ரீலான்சராக இருந்துவிட்டு ஆறு வருஷத்துக்கு முன் கம்பெனிக்குள் வந்தவள். இப்போது ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். இந்த மாதிரி ரெஸ்யூம் வந்தால் நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் கிளையன்ட்களை எண்ணுவதை நிறுத்துங்கள். ஒரு தாளில் குறுக்கே மாதங்களை எழுதுங்கள். 2017 ஜூலையிலிருந்து 2024 மார்ச் வரை 81 மாதம். கீழ்நோக்கி கிளையன்ட் பெயர்கள். எந்த மாதத்தில் யாருக்கு வேலை நடந்ததோ அந்தக் கட்டத்தை நிரப்புங்கள். இப்போது அந்தத் தாளை இரண்டு விதமாகப் பார்க்கலாம். மேலிருந்து கீழாகப் பார்த்தால், எந்தெந்த மாதம் அவர் கையில் வேலையே இல்லை என்பது தெரியும். இடமிருந்து வலமாகப் பார்த்தால், யார் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்பது தெரியும். ரெஸ்யூமில் மூன்று வாரம், இரண்டு மாதம் என்று சிதறிக் கிடப்பவற்றில் பாதி ஒரே கிளையன்ட்டின் வெவ்வேறு வேலைகளாக இருக்கும். ஃப்ரீலான்சர்கள் பில் போட்ட வரிசையிலேயே ரெஸ்யூம் எழுதிவிடுவார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். பில் புத்தகத்தில் அதே கிளையன்ட் எட்டு தரம் வந்தால் ரெஸ்யூமிலும் எட்டு தரம் வரும். படிப்பவருக்கு அது எட்டு வேலை மாறிய மாதிரி இருக்கும்.

இந்தத் தாளை நீங்கள் ஊகித்துப் போடாதீர்கள். அவரிடமே கேளுங்கள். தொழிலைத் தொழிலாக நடத்தியவரிடம் பில் வரிசை இருக்கும். ஒரே நாளில் அனுப்பிவிடுவார். இரண்டு வாரம் இழுத்தடித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

ஒரு எச்சரிக்கை. பில் தேதியை வேலை தேதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜனவரியில் முடித்த வேலைக்கு மார்ச்சில் பில் போடச் சொல்லும் கம்பெனிகள் இருக்கின்றன. கோப்பு வந்த தேதி, திருப்பி அனுப்பிய தேதி, இந்த இரண்டும்தான் வேண்டும்.

தாம்பரம்_கேமரா | திங்கள், இரவு 10.30

மேடம், நீங்கள் சொல்வது எங்கள் வேலைக்கு ஒத்துவரவில்லையே. நான் எட்டு வருஷமாகக் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்கிறேன். ஒரு கம்பெனியில் வீடியோ எடிட்டர் வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் "உங்களுக்குத் திரும்ப வந்த கஸ்டமர் யார்?" என்று இதே கேள்வியைக் கேட்டார்கள். கல்யாணம் பண்ணிக்கொண்டவர் எப்படித் திரும்ப வருவார்? வருஷத்துக்கு 35, 40 கல்யாணம் செய்கிறேன். பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன். இன்னும் அது மனதில் கிடக்கிறது.

மாம்பலம்_மெய்ப்பு | திங்கள், இரவு 10.55

தம்பி, உங்களுக்குக் கல்யாண வீட்டுக்காரர் கிளையன்ட் இல்லை. அந்த வேலையை உங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பவர்தான் கிளையன்ட். ஆர்டர் பிடித்துத் தரும் ஸ்டூடியோ, மண்டப மேனேஜர், அலங்காரக்காரர் என்று பாருங்கள். 40 கல்யாணத்தில் 25 ஒரே ஸ்டூடியோ வழியாக வந்திருந்தால், அந்த ஸ்டூடியோ உங்களை எத்தனை வருஷமாகக் கூப்பிடுகிறது என்று எழுதுங்கள். மூன்று வருஷமாக ஒவ்வொரு தை, வைகாசி, ஆவணிக்கும் அவர்கள் உங்களையே கூப்பிட்டிருந்தால் திரும்ப வந்தவர்கள் அவர்கள்தான்.

எல்லாமே நேரடி ஆர்டர் என்றால், ஒரு அக்கா கல்யாணத்தைப் பார்த்துத் தங்கை வீட்டில் கூப்பிட்டது எத்தனை என்று எண்ணுங்கள். அதுவும் இல்லை என்றால் நான் சொன்ன அளவுகோல் உங்களுக்குப் பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். அப்போது கெடு தேதிக்கு ஆல்பமும் வீடியோவும் கொடுத்த கணக்கைத்தான் காட்ட வேண்டும்.

கணக்கு_அடையாறு | செவ்வாய், காலை 8.15

26ஏஎஸ் பற்றி மேலே ஒருவர் சொன்னது பாதி சரி. மீதியை நம்பி யாரும் ஒருவரைப் பொய்யர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

அதில் வருவது டி.டி.எஸ். பிடித்து, அதை இவருடைய பான் எண்ணில் தாக்கல் செய்தவர்கள் மட்டும்தான். தொழில்முறைக் கட்டணம் வருஷத்துக்கு ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டாவிட்டால் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆய்வேடு திருத்தக் கொடுக்கும் முனைவர் பட்ட மாணவர் பிடிக்கவே மாட்டார். வெளிநாட்டுப் பதிப்பகம் நேரடியாகப் பணம் அனுப்பினால் அதுவும் அதில் வராது. அதற்கு வங்கி தரும் அந்நியச் செலாவணி வரவுச் சான்று அல்லது பணப் பரிமாற்றத் தளத்தின் ரசீதைப் பார்க்க வேண்டும். தவிர, ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்ததைத் தாக்கல் செய்ய மே 31 வரை அவகாசம் இருக்கிறது. ஆக இன்றைக்கு அவர் 26ஏஎஸ் எடுத்துக் காட்டினால் 2024 காலியாகத்தான் இருக்கும். மூன்று மாதமாக வேலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. அதில் அவருடைய வங்கி வட்டி உட்பட வேறு விவரங்களும் இருக்கும். முழுதாகக் கேட்பது நியாயம் இல்லை. தொகையை மறைத்துவிட்டு, பிடித்தவர் பெயரும் தேதியும் உள்ள வரிகளை மட்டும் காட்டச் சொல்லுங்கள். அதையும் வேலை உறுதியான பிறகு கேட்டால் போதும். முதல் சுற்றிலேயே வருமானக் கணக்கைக் கேட்பவர்கள் அடுத்து அதை வைத்துச் சம்பளத்தைக் குறைத்துப் பேசுவார்கள் என்று ஃப்ரீலான்சர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததில்லை.

ஓஎம்ஆர்_ரெக்ரூட்டர் | செவ்வாய், காலை 9.00

வெளிநாட்டு விஷயமும் மே மாதக் கணக்கும் எனக்குத் தெரியாது. நன்றி. 26ஏஎஸ் பற்றி நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்.

பெருங்குடி_எடிட்டர் | புதன், மாலை 6.45

மாம்பலம் மேடம், நீங்கள் சொன்னபடி கேட்டேன். நேற்று மாலை கேட்டதற்கு இன்று காலையிலேயே எக்செல் கோப்பு வந்துவிட்டது. கோப்பு எண், வந்த தேதி, திருப்பிய தேதி, பக்கம், கிளையன்ட். ஏழு வருஷமும் ஒரே அமைப்பில் இருக்கிறது. கட்டம் போட்டுப் பார்த்தேன்.

81 மாதத்தில் 68 மாதம் வேலை இருக்கிறது. காலியான 13ல் ஆறு மாதம் சேர்ந்தாற்போல 2021 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. ஒன்று 2023 டிசம்பர். மீதி ஆறும் அங்கங்கே, பெரும்பாலும் முதல் ஒன்றரை வருஷத்தில்.

23 கிளையன்ட்டில் 12 பேர் தனியாட்கள், ஆய்வேடு கொடுத்தவர்கள். ஏழு சின்ன வேலைகள். மிச்சம் நாலு பேர்தான் நிஜமான ஆட்கள். ஒரு டைப்செட்டிங் கம்பெனி 2017 செப்டம்பர் முதல் 2022 பிப்ரவரி வரை. அந்த மருத்துவ ஆய்விதழ் 2019 ஜனவரி முதல் 2023 நவம்பர் வரை, இரண்டு மாதத்துக்கு ஒரு இதழ். வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்றுக்கு 2020லிருந்து 11 நூல். இன்னொரு டைப்செட்டிங் கம்பெனி 2022 ஏப்ரல் முதல் இன்று வரை. மொத்தப் பக்கத்தில் பத்தில் எட்டுக்கு மேல் இந்த நாலு பேருடையது.

நான் கவனித்த இன்னொன்று. ஐந்து வருஷத்தில் அந்த மருத்துவ இதழ் 30 வந்திருக்க வேண்டும். இவர் செய்தது 27. அந்த மூன்றும் 2021 இடைவெளியில் விழுந்தவை.

மாம்பலம்_மெய்ப்பு | புதன், இரவு 8.20

இந்தத் தாளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான். மூன்று இதழை வேறு யாரோ செய்திருக்கிறார்கள். அதற்கப்புறம் ஆய்விதழ்க்காரர்கள் இவரிடமே திரும்பி வந்திருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆள் இருந்தும் திரும்ப வந்தார்கள் என்றால் அது சும்மா நடக்காது. 30 இதழையும் விடாமல் செய்திருந்தால், வேறு ஆள் தேடச் சோம்பல்பட்டு விட்டுவைத்தார்களோ என்றுகூட நினைக்கலாம். இங்கே அப்படி நினைக்க வழியே இல்லை. நேர்முகத்தில் கட்டாயம் கேளுங்கள், திரும்ப வந்தபோது அவர்கள் என்ன சொன்னார்கள் என்று.

அடுத்தது பக்கக் கணக்கு. மாதச் சராசரியைப் பார்க்காதீர்கள். அதிகபட்ச மாதத்தையும் குறைந்தபட்ச மாதத்தையும் பாருங்கள்.

மூன்றாவது, கிளையன்ட் என்று யார் பெயரைப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். நம் துறையில் இது பெரிய வழுக்குப் பாறை. வேலை கொடுப்பது கிண்டியிலோ தரமணியிலோ இருக்கும் டைப்செட்டிங் கம்பெனி. ஆனால் கோப்பு ஒரு பெரிய வெளிநாட்டுப் பதிப்பகத்துடையது. ஃப்ரீலான்சர் பெருமையாக அந்தப் பதிப்பகத்தின் பெயரை எழுதிவிடுவார். பின்னணிச் சரிபார்ப்பில் அங்கே கேட்டால் இப்படி ஒருவரைத் தெரியாது என்று பதில் வரும். அவர்கள் சொல்வதும் உண்மைதான். எனக்கே இப்படி ஒரு நல்ல வேலை கைக்கு வந்து போயிருக்கிறது. பொய் சொல்லவில்லை என்று விளக்கப் போனபோது காலம் கடந்துவிட்டது. பணம் யார் கொடுத்தார்களோ அவர்தான் கிளையன்ட். யாருடைய கோப்பு என்பதை அடுத்த சொல்லாகப் போடலாம், அதுவும் ரகசிய ஒப்பந்தம் அனுமதித்தால்.

ஓஎம்ஆர்_ரெக்ரூட்டர் | புதன், இரவு 9.05

சரி, கட்டம் நன்றாக இருக்கிறது. ஆனால் எச்.ஆர். கேட்பது "எத்தனை வருஷ அனுபவம்" என்ற ஒரே எண்தான். அதைச் சொல்லுங்கள். மாதச் சராசரி எவ்வளவு பக்கம்?

பெருங்குடி_எடிட்டர் | புதன், இரவு 9.20

வேலை இருந்த மாதங்களில் சராசரி 620 பக்கம். அதிகபட்சம் 1,140, குறைந்தபட்சம் 180.

ஓஎம்ஆர்_ரெக்ரூட்டர் | புதன், இரவு 9.50

நடுத்தரத் திருத்தம், மணிக்கு ஐந்தரை பக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். 620 பக்கத்துக்கு ஏறக்குறைய 113 மணி. 68 மாதத்துக்கு 7,684 மணி. அலுவலகத்தில் மாதம் 22 நாள், நாளுக்கு எட்டு மணி, ஆக 176. வகுத்தால் 43 மாதம் சொச்சம். கிட்டத்தட்ட மூன்று வருஷம் எட்டு மாதம். அவர் சொல்வது ஆறே முக்கால் வருஷம். சீனியர் பதவிக்கு நீங்கள் போட்டிருக்கும் ஆறு வருஷத் தகுதி வேண்டுமென்றால் முன்னால் செய்த முழுநேர வேலையையும் சேர்த்தால்தான் எட்டும்.

மாம்பலம்_மெய்ப்பு | புதன், இரவு 10.15

எட்டு மணி நேர ஷிப்டில் எட்டு மணியும் கோப்பு கையில் இருப்பதில்லை சார். மீட்டிங், மெயில், சிஸ்டம் தொங்கிப்போவது, இதெல்லாம் போக என் குழுவில் ஆறு மணி வந்தால் நல்ல நாள். அவருடைய மணியைத் திருத்தும் நேரமாகவும் நம்முடைய மணியை நாற்காலியில் உட்கார்ந்த நேரமாகவும் எண்ணுகிறீர்கள். ஆறு மணி என்று வைத்தால் மாதம் 132. 7,684ஐ அதால் வகுத்தால் 58 மாதம். ஐந்து வருஷத்துக்கு இரண்டு மாதம் குறைவு.

அதைவிட, இரண்டையும் ஒன்றாக்குவதையே நான் ஏற்கவில்லை. 68 மாதமாக வெவ்வேறு ஆய்விதழ் நடைமுறைகளோடு மல்லுக்கட்டியது ஒரு அனுபவம். எத்தனை மணி உட்கார்ந்தார் என்பது வேறு கணக்கு.

ஓஎம்ஆர்_ரெக்ரூட்டர் | புதன், இரவு 10.30

உங்கள் 58ஐயும் சேர்த்து எழுதிக் கொடுக்கலாம். ஆனால் பாதி நாள் வேலை செய்தவருக்கு முழு வருஷம் கொடுத்தால், ஷிப்டில் உட்கார்ந்து செய்த பெண்கள் வந்து கேட்பார்கள். அவர்களுக்கு என்ன பதில்? இதில் நான் மாறப்போவதில்லை.

வேளச்சேரி_தமிழ் | வியாழன், காலை 7.30

நானும் ஃப்ரீலான்சர்தான், மொழிபெயர்ப்பு. நாலு நாளாகப் படிக்கிறேன். எல்லோரும் அவருடைய இடைவெளிகளை ஆராய்கிறீர்கள். 2021 மார்ச்சில் என்ன நடந்தது என்று நேர்முகத்தில் கேட்கப்போகிறீர்களா? அந்த ஆறு மாதம் இந்த ஊரில் பல வீடுகளில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2023 டிசம்பர் இன்னும் சுலபம். மிக்ஜாம் வந்த மாதம். எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை, அதற்கப்புறமும் நெட் வரவில்லை. அந்தக் காலிக் கட்டத்துக்கும் தொழில் ஒழுங்குக்கும் சம்பந்தமே இல்லை.

முழுநேர வேலையில் இருப்பவர் ஆறு மாதம் விடுப்பு எடுத்தால் ரெஸ்யூமில் தெரியாது. ஃப்ரீலான்சருக்கு மட்டும் ஒவ்வொரு மாதமும் கட்டத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

பெருங்குடி_எடிட்டர் | வியாழன், காலை 8.40

நீங்கள் சொல்வது உறைக்கிறது. 2021 பற்றி நான் கேட்கப்போவதில்லை. டிசம்பர் பற்றி வேறு விதமாகக் கேட்கலாம் என்று இருந்தேன்: கையில் இருந்த கோப்புகளை என்ன செய்தீர்கள், கிளையன்ட்டுக்கு எப்போது சொன்னீர்கள் என்று. அது சொந்த விஷயம் இல்லை என்று நினைக்கிறேன். தவறென்றால் சொல்லுங்கள்.

வேளச்சேரி_தமிழ் | வியாழன், காலை 9.10

அது நியாயமான கேள்வி. ஆனால் கேட்பதற்கு முன் வீடு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

மாம்பலம்_மெய்ப்பு | வியாழன், மதியம் 2.00

ரெஸ்யூமைத் திருப்பி எழுதுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே வரியும் வேண்டாம், 23 வரியும் வேண்டாம். ஒரே தலைப்பு, ஒரே தேதி ஜோடி. அதற்குக் கீழே தேதிக்குப் பதிலாகக் கால அளவு. மென்பொருள் ஒரு வேலையாகப் படிக்கும், மனிதர் நாலு உறவாகப் படிப்பார். ஆங்கிலத்தில்தான் போகப்போகிறது, இங்கே தமிழில் தருகிறேன்.

> சுயதொழில்: காப்பி எடிட்டர், சென்னை. 2017 ஜூலை முதல் 2024 மார்ச் வரை. வேலை இருந்த மாதங்களில் சராசரியாக 620 பக்கம். குடும்பக் காரணத்துக்காக 2021ல் ஆறு மாதம் இடைவெளி.
>
> டைப்செட்டிங் நிறுவனம், சென்னை (நாலரை ஆண்டு): உயிரியல், வேதியியல் ஆய்விதழ்க் கட்டுரைகள். முதல் திருத்தத்தில் தொடங்கி, மூன்றாம் ஆண்டு முதல் பிறர் திருத்தியதைச் சரிபார்க்கும் வேலை.
>
> மருத்துவச் சங்கம் ஒன்றின் ஆய்விதழ் (5 ஆண்டில் 27 இதழ்): திருத்தம், ஆசிரியருக்கான கேள்விகள், இறுதி மெய்ப்பு, எல்லாம் ஒரே பொறுப்பில்.
>
> வெளிநாட்டுப் பல்கலைப் பதிப்பகம் (2020 முதல் 11 நூல்).
>
> டைப்செட்டிங் நிறுவனம், சென்னை (2 ஆண்டு, தொடர்கிறது).
>
> மேலும் 19 சிறு வேலைகள், பெரும்பாலும் முனைவர் பட்ட ஆய்வேடுகள்.

இதில் இரண்டாம் பத்தியைப் பாருங்கள். மூன்றாம் ஆண்டில் வேலை மாறியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதினேன். அப்படி நடந்ததா என்று அவரிடம் கேளுங்கள். அதே கிளையன்ட்டிடம் நாலு வருஷமாக அதே கடைநிலைக் கோப்பையே வாங்கிக்கொண்டிருந்தால், அது நிலையான வேலைதான், ஆனால் சீனியர் வேலை இல்லை. அலுவலகத்தில் இதைப் பதவி உயர்வு காட்டிவிடும். ஃப்ரீலான்சருக்குக் கொடுத்த வேலையின் கனமும் ஏறிய ரேட்டும்தான் காட்டும்.

கடைசி வரியை விட்டுவிடச் சொல்வார்கள். நான் விட மாட்டேன். விட்டால் 26ஏஎஸ்சிலோ வங்கிக் கணக்கிலோ வேறு பெயர் தெரியும்போது மறைத்த மாதிரி ஆகிவிடும். இடைவெளியைச் சொல்லலாமா வேண்டாமா என்பது அவர் விருப்பம். வேளச்சேரி சொன்னதற்கப்புறம் எனக்கும் அந்த வரியில் உறுதி இல்லை.

பெருங்குடி_எடிட்டர் | சனி, காலை 10.00

நேற்று நேர்முகம் முடிந்தது. காத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

1,140 பக்க மாதத்தைப் பற்றிக் கேட்டேன். அது 2019 நவம்பர். "இரண்டு கிளையன்ட் வேலையையும் சேர்த்து ஒப்புக்கொண்டேன். அந்த மாதம் எரர் ரிப்போர்ட் இரண்டு வந்தது. ஒன்றில் மேற்கோள் எண் வரிசை மாறியதைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். அதிலிருந்து மாதம் 800 பக்கத்துக்கு மேல் எடுப்பதில்லை" என்றார். எக்செலில் பார்த்தேன், உண்மை. அதற்கப்புறம் ஒரு மாதம்கூட 800ஐத் தாண்டவில்லை. நாங்கள் சீனியருக்குத் தேடுவது இந்தக் கணிப்பைத்தான்.

நாலரை வருஷக் கம்பெனியில் பொறுப்பு கூடியது உண்மை. ஆனால் மாம்பலம் மேடம் எழுதிய மாதிரி மூன்றாம் ஆண்டில் இல்லை, நாலாம் ஆண்டில். அதனால் ரெஸ்யூமில் அந்த வரியைத் திருத்தி எழுதியிருக்கிறார். மருத்துவ இதழ்க்காரர்கள் திரும்ப வந்தபோது என்ன சொன்னார்கள் என்று கேட்டதற்கு, "ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த இதழின் கோப்புகளை அனுப்பிவிட்டார்கள்" என்றார்.

டிசம்பர் வெள்ளத்தில் அவர் இருந்தது பள்ளிக்கரணை. வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கையில் ஒரு நூலின் ஐந்து அத்தியாயம். மூன்றாம் நாள் மொட்டை மாடியில் சிக்னல் கிடைத்ததும் முதலில் பதிப்பகத்துக்குத்தான் செய்தி அனுப்பியிருக்கிறார்: இரண்டு அத்தியாயம் முடிந்தது, மூன்று முடியாது, வேறு ஆளுக்குக் கொடுப்பதென்றால் கொடுத்துவிடுங்கள் என்று. அவர்கள் ஜனவரி வரை காத்திருந்தார்கள்.

சோதனைக்கு எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்று கொடுத்தேன், கட்டணம் கொடுத்துத்தான். உரையில் 48 நோயாளிகள் என்று இருக்கும், இரண்டாம் அட்டவணையைக் கூட்டினால் 46 வரும். பலர் கவனிக்க மாட்டார்கள். கவனித்தவர்களில் சிலர் தாங்களாகவே 46 என்று மாற்றிவிடுவார்கள், அது அதைவிட மோசம். இவர் கைவைக்கவில்லை. "உரையில் 48, அட்டவணை 2ன் கூட்டுத்தொகை 46, இடையில் விலகிய இருவர் கணக்கில் சேரவில்லையா என உறுதி செய்யவும்" என்று ஆசிரியருக்குக் கேள்வி எழுதியிருந்தார். ஏன் வித்தியாசம் வந்திருக்கலாம் என்று சேர்த்து எழுதியிருந்ததுதான் எனக்குப் பிடித்தது.

குறையும் இருக்கிறது. எங்கள் எடிட்டிங் எக்ஸ்எம்எல் கருவியில் நடக்கிறது. அவர் இத்தனை வருஷமும் வேர்டில் மட்டும் செய்திருக்கிறார். வேகம் பாதியாகிவிட்டது. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவமும் இல்லை.

எச்.ஆர். ரெஸ்யூமை ஏற்றுக்கொண்டார். அனுபவக் கணக்கு மட்டும் நிற்கிறது. அவர்கள் ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொண்டு ஒரு படி கீழே கொடுக்கலாம் என்கிறார்கள். நான் சீனியர் என்று எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை மேலே போகிறது.

ஓஎம்ஆர்_ரெக்ரூட்டர் | சனி, காலை 11.15

ஒரு படி கீழே என்பது என் கணக்குக்குச் சரியாகத்தான் வருகிறது. ஆனால் அந்த 800 பக்க விஷயம் ரெஸ்யூமில் எங்குமே இல்லையே. அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

பின்னணிச் சரிபார்ப்புக்கு இப்போதே ஒரு வேலை செய்துவிடுங்கள். ஏஜென்சி படிவத்தில் கம்பெனி பெயர், பணியாளர் எண், ரிலீவிங் லெட்டர் கட்டாயம் என்று இருக்கும். அவருடைய பி.எஃப். கணக்கின் யுஏஎன்னில் 2017 ஜூனோடு பதிவு நின்றிருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஏழு வருஷம் வேலையில்லை என்று சிவப்புக் கொடி போட்டுவிடுவார்கள். ஏஜென்சியிடம் முன்கூட்டியே இது சுயதொழில் சரிபார்ப்பு என்று மெயில் போடுங்கள். டி.டி.எஸ். பிடித்தவர்கள் தந்த படிவம் 16ஏ, ஒப்பந்தமோ வேலை ஆணையோ ஏதாவது ஒன்று, பேசக்கூடிய மூன்று கிளையன்ட்டின் தொடர்பு. இது போதும். சேர்ந்த பிறகு கொடி வந்தால் அவருக்குத்தான் அவமானம்.

பெருங்குடி_எடிட்டர் | சனி, மதியம் 12.30

இன்றே மெயில் போட்டுவிடுகிறேன். சேரும் தேதியைப் பற்றியும் பேசினோம். நோட்டீஸ் பீரியட்தான் இல்லையே, 15 நாளில் வரலாமே என்றார் எச்.ஆர். கையில் இரண்டு நூல் இருக்கிறது, ஏப்ரல் 20க்கு முன் விட முடியாது என்று சொல்லிவிட்டார். ஏப்ரல் 22 திங்கட்கிழமை என்று எழுதியிருக்கிறேன்.